52-க்கு 48 வந்தால் என்ன தப்பு? காபித்தூள் விலைச் சோதனையில் ஒரு குழப்பம்

நாகலூர்_காபி:
எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தோட்டம். இரண்டு வருடமாகச் சொந்த இணையதளத்தில் வறுத்து அரைத்த தூள் விற்கிறோம். அரைக் கிலோ 340 ரூபாய். 390 ஆக்கலாமா என்று பார்க்க, 21 நாள் ஒரு சோதனை வைத்தோம். தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய விலை, மீதிப் பேருக்குப் புது விலை. தங்கச்சி பையன்தான் எல்லாம் செய்து கொடுத்தான்.

முடிவு இது. பழைய விலை பார்த்தவர்கள் 10,240, ஆர்டர் 307. புது விலை பார்த்தவர்கள் 9,460, ஆர்டர் 303. அதாவது 390-க்கு விற்றபோது வாங்கின விகிதமே கூடியிருக்கிறது, 3.0 சதவீதம் 3.2 ஆகிவிட்டது. வந்தவர் ஒருவருக்கு வருமானம் என்று பார்த்தால் 10.19 ரூபாயிலிருந்து 12.49. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், விலையை மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு உறுத்தல். பாதிக்குப் பாதி என்று வைத்தோம், 52-க்கு 48 வந்திருக்கிறது. இது பரவாயில்லையா?

ஐந்துரோடு_அருண்:
தாராளமாகப் பரவாயில்லை அண்ணா. சதவீதம் எடுப்பதே அதற்காகத்தானே. ஒரு பக்கம் ஆள் கூட இருந்தால் வகுக்கிற எண்ணும் கூடும், சரியாகிவிடும். எங்கள் ஆபீஸில் 90-க்கு 10 என்று பிரித்தே சோதனை நடத்துகிறோம். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. விலையை ஏற்றுங்கள், வாழ்த்துகள்.

மீனா_கணக்கு:
அருண் சொன்னதில் பாதி சரி. 90-க்கு 10 என்று திட்டம் போட்டு 90-க்கு 10 வந்தால் ஒரு குறையும் இல்லை. இங்கே திட்டம் 50-க்கு 50. வந்தது வேறு. சமமாக இல்லை என்பது பிரச்சினையே இல்லை, சொன்ன விகிதத்தில் வரவில்லை என்பதுதான் பிரச்சினை.

52-48 என்று சொல்லும்போது சின்ன வித்தியாசமாகத் தெரிகிறது. நூறு பேரில் 52 வந்தால் நானும் பேச மாட்டேன். உங்களுடையது 19,700 பேர். அத்தனை முறை நாணயம் சுண்டினால் தலை 9,850-ஐ ஒட்டித்தான் விழும். எவ்வளவு ஒட்டி என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மொத்தத்தின் வர்க்கமூலத்தில் பாதி. 19,700-க்கு அது சுமார் 70. எழுபது எண்பது தள்ளி விழுவது சகஜம். 150 என்றால் புருவம் உயரும். உங்களுக்கு 390 தள்ளி விழுந்திருக்கிறது. இது நாணயத்தின் வேலை இல்லை.

பைதான் இருந்தால் தம்பியை இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```
from scipy.stats import chisquare
print(chisquare([10240, 9460]))
```

முதல் எண் 30.9-க்குப் பக்கம் வரும். தற்செயலாக இப்படி நடக்கப் பத்துக் கோடியில் மூன்று வாய்ப்பு. அதனால் 3.2 சதவீதத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஆட்கள் எங்கே போனார்கள் என்று முதலில் தேட வேண்டும்.

நாகலூர்_காபி:
சரிங்க மேடம், தற்செயல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு 780 பேர் குறைந்ததால் முடிவு எப்படித் தப்பாகும்? மீதி 9,460 பேர் நிஜமான ஆட்கள்தானே, 303 ஆர்டரும் நிஜப் பணம்தானே.

கொலுசுக்கடை_செந்தில்:
இதே பிரச்சினை எனக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கடை, ஏற்காட்டில் சீசனுக்கு ஒரு ஸ்டால். போன மே மாதம் கோடை விழா சமயத்தில் ஸ்டாலில் நகைக்குச் செய்கூலியை ஏற்றி வைத்தேன், கீழே கடையில் பழைய கூலி. மேலே வந்த கூட்டம் கீழே வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் விகிதம் பார்த்தால் மேலேதான் நன்றாகப் போனது. எனக்கும் இந்த 30.9 எல்லாம் போட்டுப் பார்க்க வேண்டுமா?

மீனா_கணக்கு:
செந்தில் அண்ணா, உங்களுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை, பதிலும் சொல்லாது. நீங்கள் நாணயம் சுண்டவில்லை. மலைக்கு ஊர் சுற்ற வந்தவர்கள் ஒரு பக்கம், கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தவர்கள் ஒரு பக்கம். அது முதலிலிருந்தே வேறு வேறு ஆட்கள். நாகலூர்க்காரர் நாணயம் சுண்டியிருக்கிறார், சுண்டினது பலித்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

கொலுசுக்கடை_செந்தில்:
அப்போ கூலியை ஏற்றலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள் மேடம் 😀

வாழவந்தி_மேஸ்திரி:
கணக்கு எனக்குத் தெரியாது, தோட்டத்தில் 30 வருடம். நாகலூர்த் தம்பி கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். பறித்து வந்த பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் சொத்தையும் சாவியும் மிதக்கும். அதை அரித்து எடுத்துவிட்டு மீதியை நிறுத்துப் பார்த்தால் பழத்துக்குப் பழம் எடை கூடத்தான் காட்டும். அந்தக் காட்டில் விளைச்சல் நன்றாக இருந்தது என்று அர்த்தமா? ஒரு மூட்டையைத் தொட்டியில் போட்டு, இன்னொரு மூட்டையைப் போடாமல் ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? உன் புது விலைப் பக்கம் யாரையோ அரித்து விட்டிருக்கிறது.

மீனா_கணக்கு:
ஐயா, இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

ஐந்துரோடு_அருண்:
சரி, நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் சரிசெய்யச் சுலபமான வழி இருக்கிறதே. பழைய விலைப் பக்கத்திலிருந்து குருட்டாம்போக்கில் 780 பேரைத் தூக்கிவிடுங்கள். இரண்டும் 9,460. அப்புறம் ஒப்பிடலாம்.

மீனா_கணக்கு:
மேஸ்திரி ஐயாவின் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள் அருண். ஒரு மூட்டையில் சாவி போய்விட்டது. இன்னொரு மூட்டையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அதே எண்ணிக்கை பழத்தை எடுத்துப் போட்டால் எண்ணிக்கை சமமாகும், சாவி அங்கேயேதான் இருக்கும். போனவர்கள் குருட்டாம்போக்கில் போகவில்லை என்பதே நம் சந்தேகம்.

நாகலூர்க்காரரே, இரண்டு விதமாகப் பிரித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரா மொபைலா, எந்த வழியாக வந்தார்கள் என்பது ஒன்று. எந்த நாளிலிருந்து இடைவெளி விழுந்தது என்பது இன்னொன்று. கவனம், சோதனைக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயங்களால் மட்டும் பிரியுங்கள். எவ்வளவு நேரம் இருந்தார்கள், கூடையில் போட்டார்களா என்பதெல்லாம் விலையைப் பார்த்த பிறகு நடந்தவை, அதை வைத்துப் பிரித்தால் இன்னும் குழம்பும்.

நாகலூர்_காபி:
நேற்று இரவு உட்கார்ந்து பிரித்தோம்.

கம்ப்யூட்டர்: பழையது 2,110, புதியது 2,090. மொபைலில் நேராகவோ கூகுள், வாட்ஸ்அப் வழியாகவோ வந்தவர்கள்: 5,170-க்கு 5,130. ரீல்ஸ் விளம்பரத்தைத் தட்டி வந்தவர்கள்: 2,960-க்கு 2,240.

நாள் வாரியாக: முதல் ஐந்து நாளில் 2,318-க்கு 2,297. ஆறாம் நாளிலிருந்துதான் கோணல். ரீல்ஸ் விளம்பரம் ஆரம்பித்ததும் அதே ஆறாம் நாள்.

மீனா_கணக்கு:
அருமை. மற்ற இரண்டும் நாணயம் மாதிரியே இருக்கின்றன. ரீல்ஸில் மட்டும் 5,200 பேர், சகஜமான விலகல் 36, உங்களுக்கு 360. திருடன் அந்தத் தெருவில்தான் இருக்கிறான். ஆர்டரையும் அதே மாதிரி பிரித்துக் கொடுங்கள்.

நாகலூர்_காபி:
ரீல்ஸில் வந்தவர்கள்: பழைய விலையில் 31 ஆர்டர், புது விலையில் 22. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து: பழைய விலையில் 7,280 பேரில் 276, புது விலையில் 7,220 பேரில் 281.

மீனா_கணக்கு:
இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ரீல்ஸ்காரர்கள் எந்த விலையிலும் நூற்றுக்கு ஒருவர்தான் வாங்குகிறார்கள். மற்றவர்கள் எந்த விலையிலும் நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கூட்டத்திலும் விலை மாறினதால் விகிதம் ஏறக்குறைய மாறவே இல்லை. அப்படியிருந்தும் மொத்தமாகக் கூட்டினால் 3.0 என்பது 3.2 ஆகிறது. காரணம், புது விலைப் பக்கத்தில் வாங்காத கூட்டம் 720 பேர் குறைவு. 390 ரூபாய் யாரையும் கூடுதலாக வாங்க வைக்கவில்லை. வகுக்கிற எண் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரவுப்பணி:
பெங்களூரில் இதே வேலைதான் செய்கிறேன், சொந்த ஊர் கன்னங்குறிச்சி. இரண்டு விஷயம்.

ஒன்று, இது புதுத் தளங்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. மைக்ரோசாப்ட் ஆட்கள் 2019-ல் எழுதிய கட்டுரையில், தங்கள் சோதனைகளில் சுமார் 6 சதவீதத்தில் இப்படிக் குழு எண்ணிக்கை பிசகுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

இரண்டு, எண்ணிக்கை சரியாக வந்தாலும் தப்பு இருக்கலாம். நாங்கள் பட்ட அவஸ்தை இது. புது விலைக்குத் தனி முகவரி கொடுத்திருந்தோம். அந்தப் பக்கம் மெதுவாகத் திறந்ததால் சிலர் கழன்றுகொண்டார்கள். ஆனால் அந்த முகவரியையே சிலர் நண்பர்களுக்கு அனுப்ப, அவர்கள் நாணயம் சுண்டாமலே நேராக அங்கே வந்து இறங்கினார்கள். போனதும் வந்ததும் சமமாகி, மொத்தம் 50-க்கு 50 என்று நின்றது. எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. வழி வாரியாகப் பிரித்தபோதுதான் இரண்டு ஓட்டையும் தெரிந்தது.

நாகலூர் அண்ணா, உங்கள் தளத்தில் விலை எப்படி மாறுகிறது, எந்த இடத்தில் ஆளை எண்ணுகிறீர்கள்? சர்வர் லாக் இருக்கிறதா?

நாகலூர்_காபி:
தம்பியைக் கேட்டு எழுதுகிறேன். எல்லாரும் `/coffee` பக்கத்துக்குத்தான் வருவார்கள். பக்கம் திறந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் நாணயம் சுண்டி, யாருக்கு எது என்று சர்வரில் ஒரு வரி எழுதிவிடும். பழைய விலை விழுந்தவர் அங்கேயே இருப்பார். புது விலை விழுந்தவரை `/coffee-390` என்ற பக்கத்துக்குத் தள்ளிவிடும். பார்வையாளர் எண்ணிக்கை, பக்கம் முழுதும் திறந்த பிறகு கடைசியில் ஓடுகிற கவுண்ட்டரிலிருந்து வருகிறது. தளத்தில் படம் ஜாஸ்தி, தோட்டம், களம், மிளகுக் கொடி எல்லாம் பெரிசு பெரிசாக இருக்கும். நேராக அந்த 390 பக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் இல்லை, குக்கி இல்லாவிட்டால் பழையபடி முதல் பக்கத்துக்கே அனுப்பிவிடுமாம்.

சர்வரில் நாணயம் சுண்டின வரிகளை எண்ணினோம். பழைய விலை 10,391, புது விலை 10,338.

இரவுப்பணி:
அப்போ நாணயம் நல்ல நாணயம்தான். பழைய விலையில் 151 பேர் எண்ணிக்கைக்கு முன் கழன்றிருக்கிறார்கள், அது எந்தத் தளத்திலும் இருக்கும். புது விலையில் 878 பேர். அவர்கள் இரண்டு பக்கம் முழுதாகத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். ரீல்ஸ் செயலிக்குள்ளேயே திறக்கிற உலாவியில், அதுவும் கட்டைவிரல் ஏற்கெனவே அடுத்த வீடியோவுக்குத் துடிக்கும்போது, யார் காத்திருப்பார்கள்?

நாகலூர்_காபி:
இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. சோதனை நடந்தபோது அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். "தம்பி, 340-ன்னு காட்டுச்சு, அப்புறம் கண்ணு முன்னாடியே 390-ன்னு மாறிடுச்சு, என்ன ஏமாத்துறீங்களா" என்று கேட்டார். ஏதோ நெட் கோளாறு என்று சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன்.

மீனா_கணக்கு:
அண்ணா, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

இதுவரை நான் நினைத்தது, பக்கம் மெதுவாகத் திறந்ததால் போனார்கள், விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. இப்போது கதை மாறுகிறது. தள்ளிவிடுவதற்கு முன் `/coffee` பக்கத்தில் 340 தெரிந்திருக்கிறது. நெட் வேகமாக இருந்தால் கண்ணில் படாது. மெதுவான மொபைலில் இரண்டு மூன்று நொடி 340 நின்று, பிறகு 390 வருகிறது. அதைப் பார்த்துக் கடுப்பாகி வெளியே போனவர் யார்? விலை பார்த்து வாங்குகிறவர். எந்தக் கேள்விக்கு விடை தேடினீர்களோ, அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் சொல்லக்கூடியவர்களே எண்ணிக்கையிலிருந்து விழுந்திருக்கலாம். சோதனைக்கு இதைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

நாணயம் சுண்டினபோது இருந்தவர்களை வைத்தே வகுத்துப் பார்த்தேன். பழைய விலை 2.95 சதவீதம், புது விலை 2.93. வருமானம் ஒருவருக்கு 10.05-க்கு 11.43. வித்தியாசம் 1.38 ரூபாய். இந்த அளவு ஆட்களுக்குத் தற்செயலான ஆட்டமே 86 காசு, அதாவது வித்தியாசம் ஆட்டத்தைப் போல 1.6 மடங்கு. முதலில் நீங்கள் சொன்ன கணக்கில் 2.5 மடங்கு வந்திருந்தது. இரண்டைத் தாண்டினால்தான் நம்பலாம் என்பது வழக்கமான கோடு. ஓட்டை இருந்தபோது கோட்டுக்கு மேலே, ஓட்டையை அடைத்தால் கீழே.

ஐந்துரோடு_அருண்:
ஒரு நிமிடம். ரீல்ஸை விட்டுத் தள்ளுங்கள். மற்றவர்களில் 7,280-க்கு 7,220, நாணயம் சுத்தம் என்று நீங்களே சொன்னீர்கள். எங்கிருந்து வந்தார்கள் என்பது சோதனைக்கு முன்பே தீர்மானமான விஷயம், ஆகவே அப்படிப் பிரிப்பதும் தப்பில்லை. அவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். ஒருவருக்கு 12.89 ரூபாய், 15.18 ரூபாய். ஆட்டத்தைப் போல 1.96 மடங்கு. ஆர்டர் எண்ணிக்கை குறையவே இல்லை, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 ரூபாய் கூடுதல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மீனா_கணக்கு:
இந்தத் தடவை உங்கள் வாதம் பலமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு இரண்டு தயக்கம். கோட்டின் மேலேயே நிற்கிற எண்ணை, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அடுத்தது, 340 மின்னி மறைந்தது இவர்களுக்கும்தான். அஸ்தம்பட்டி அம்மா ரீல்ஸ் வழியாக வந்தாரா என்ன? இவர்கள் பார்த்தது 390 ரூபாய் இல்லை, '340-லிருந்து ஏறின 390'. அது விற்பனையைக் குறைத்திருந்தால் உண்மையான 390 இன்னும் நன்றாகவே ஓடலாம், உங்களுக்கே சாதகம். குறைக்கவில்லை என்றால் இப்போது இருப்பதுதான். எது என்று இந்தத் தரவிலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரவுப்பணி:
நான் மீனா பக்கம். அருணுக்கு ஒரு கேள்வி: ரீல்ஸ் அல்லாத கூட்டத்தில் விலை தோற்றிருந்தால், அதை இவ்வளவு ஆசையாகப் பிரித்து எடுத்திருப்பீர்களா?

ஐந்துரோடு_அருண்:
நியாயமான கேள்வி. ஆனால் கடை வைத்திருப்பவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போவதில்லையே. இன்னும் மூன்று வாரம் 340-க்கே விற்பதும் ஒரு செலவுதான்.

வாழவந்தி_மேஸ்திரி:
விலை ஏற்றினால் அடுத்த மாதம் அதே ஆள் திரும்ப வாங்குவானா என்பதை 21 நாளில் எப்படிப் பார்ப்பது? காபித்தூள் தீர ஒரு மாதம் ஆகுமே.

மீனா_கணக்கு:
பார்க்க முடியாது ஐயா.

நாகலூர்_காபி:
எல்லாருக்கும் நன்றி. விலையை இப்போதைக்குத் தொடவில்லை. தம்பி மாற்றி எழுதிவிட்டான். இனி ஒரே பக்கம்தான், நாணயத்தைச் சர்வரே சுண்டி, விலையைப் போட்டுத்தான் பக்கத்தை அனுப்பும். யாரையும் எங்கும் தள்ளாது. எண்ணிக்கையும் சுண்டின இடத்திலேயே. கவுண்ட்டரைத் தனியாக ஒப்பிட மட்டும் வைத்திருக்கிறோம். படங்களையும் சிறிசாக்கியாகிவிட்டது, அம்மாவுக்குத்தான் மிளகுக் கொடி படம் போனதில் வருத்தம்.

இரவுப்பணி தம்பி தனியாகச் சொன்னபடி, ஓட்டை அடைபட்டதா என்று பார்க்க முதலில் இரண்டு பக்கத்துக்கும் 340-ஐயே வைத்து ஓட்டுகிறோம். நாலு நாளில் கவுண்ட்டரில் 1,912-க்கு 1,874.

மீனா_கணக்கு:
மொத்தம் சரி. ரீல்ஸ் மட்டும்?

நாகலூர்_காபி:
402-க்கு 371.

மீனா_கணக்கு:
773 பேருக்குச் சகஜமான விலகல் 14, உங்களுக்கு 15 சொச்சம். தப்பு என்று சொல்ல முடியாது, இன்னும் நாலு நாள் ஓடட்டும். விளம்பரத்தை நிறுத்திவிடாதீர்கள், ஓட்டை விழுந்தது அந்த வழியில்தான்.

கொலுசுக்கடை_செந்தில்:
மேடம், என் ஸ்டால் கூலி விஷயம் இன்னும் அப்படியே நிற்கிறது.